ஒரே கணினி, ஆளுக்கொரு கெர்னல்

புதுச்சேரி ரோமன் ரோலண்ட் வீதியில் ஒரு விடுதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அறை பதிவு செய்பவர் ஆதார் படத்தை ஏற்றியதும், அதைச் சுருக்கிச் சேமிக்கும் சிறு நிரல் மும்பையில் அமேசானின் லாம்ப்டா சேவையில் ஓடுகிறது. முன்பின் தெரியாத பலரின் நிரல்களும் அதே கணினியில் ஓடும். அவற்றில் ஒன்று இந்தப் படத்தை எட்டிப்பார்க்காமல் எப்படித் தடுப்பது?

கன்டெய்னர் போதுமே என்று தோன்றும். அதற்குள் இருக்கும் நிரலுக்கு மற்றவர்களின் கோப்புகள் தெரியாது; நினைவகத்துக்கும் வரம்பு உண்டு. ஆனால் லினக்ஸ் கணினியில் ஒரு கன்டெய்னருக்குள் `uname -r` என்று தட்டினால், வெளியே இருக்கும் அதே கெர்னலின் பதிப்புதான் வரும். கெர்னல் எல்லோருக்கும் ஒன்றே. அதில் ஓட்டை விழுந்தால் எல்லாத் தடுப்பும் போச்சு. 2016இல் வெளிப்பட்ட 'டர்ட்டி கவ்' அப்படிப்பட்டது. 2007 முதல் யார் கண்ணிலும் பெரிதாகப் படாமல் கிடந்த பிழை அது. படிக்க மட்டுமே அனுமதியுள்ள கோப்பில் சாதாரணப் பயனர் எழுதிவிடலாம். அதை வைத்துக் கன்டெய்னரை விட்டு வெளியேறவும் முடியும் என்று செய்தே காட்டினார்கள்.

ஆளுக்கொரு மெய்நிகர் கணினி கொடுத்தால் கெர்னலும் தனியாகிவிடும். லாம்ப்டா தொடக்கத்தில் வாடிக்கையாளருக்கு ஒன்று என்று அப்படித்தான் கொடுத்தது. ஆனால் எப்போதோ சில நொடி ஓடும் நிரலுக்காக முழு மெய்நிகர் கணினியை ஒதுக்கிவைப்பது வீண்செலவு.

அதைத் தவிர்க்க, குறுங்கணினிகளாக மெய்நிகர் கணினிகளைச் சுருக்கித் தருவதற்கு அமேசான் ரஸ்ட் மொழியில் எழுதி 2018இல் வெளியிட்டதுதான் ஃபயர்கிராக்கர். வழக்கமான மெய்நிகர் கணினி திரை, யுஎஸ்பி, ஒலி அட்டை என்று பழைய சாதனங்களையெல்லாம் பாவனை செய்யும். அந்தப் பாவனை நிரல்களிலும் ஓட்டைகள் வரும். ஃபயர்கிராக்கர் வலையமைப்பு, வட்டு போன்ற சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டது. விசைப்பலகைக் கட்டுப்படுத்தி ஒன்றும் உண்டு. அது தட்டச்சுக்கு அல்ல, இயந்திரத்தை நிறுத்துவதற்கு! இப்படிக் கழித்ததால் சுமார் 125 மில்லிநொடியில் நிரல் ஓடத் தயாராகிறது. ஒவ்வொரு குறுங்கணினிக்கும் கூடுதல் நினைவகச் செலவு 5 எம்பிக்குள் அடங்குகிறது.

இந்தச் சுவர் வாடிக்கையாளர்களுக்கு இடையில்தான். ஒரு விருந்தினரின் படம் முடிந்ததும் அதே குறுங்கணினி அடுத்த விருந்தினருக்கும் வேலை செய்யலாம். `/tmp`இல் விட்ட கோப்பு அப்படியே கிடக்கும். அதை அழிப்பது நிரல் எழுதியவரின் பொறுப்பு.

கூகுள் அதே 2018இல் வெளியிட்ட ஜிவைசர் வேறு வழியில் போகிறது. நிரல் கெர்னலிடம் கேட்பதையெல்லாம் இடைமறித்து, கோ மொழியில் எழுதிய இன்னொரு கெர்னல் பதில் சொல்கிறது. நிறுவியிருந்தால் சோதித்துப் பார்க்கலாம்:

```
docker run --rm --runtime=runsc alpine dmesg
```

கணினியின் கெர்னல் செய்திகளுக்குப் பதிலாக `Starting gVisor...` என்று தொடங்கும். வன்பொருள் மெய்நிகராக்கம் கிடைக்காத இடத்திலும் இது ஓடும். ஆனால் ஓயாமல் கோப்புகளைத் திறந்து மூடும் நிரல் இதில் கண்கூடாக மந்தமாகும். கணக்குப் போடுவதே வேலையாக உள்ள நிரலுக்கு அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.