ஒரு கோடிக்குள் எதைச் சேர்ப்பது?

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கைப்பணமும் வங்கிக் கடனும் சேர்த்து இந்த ஆண்டு முதலீட்டுக்கு 1 கோடி ரூபாய்தான் தேறும். முதலாளியின் மேசையில் நான்கு திட்டங்கள் இருக்கின்றன: புதிய சாய மெஷின் 90 லட்சம், கூரையில் சோலார் 50 லட்சம், காம்பாக்டிங் மெஷின் 40 லட்சம், பாய்லர் புகையின் சூட்டை மீட்கும் கருவி 20 லட்சம். நான்குமே லாபம் தருபவை. மொத்தச் செலவோ 2 கோடி.

லாபத்தை இப்படித்தான் அளக்கிறார்கள்: அடுத்தடுத்த ஆண்டுகளில் வரப்போகும் பணத்தை வட்டி கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, போட்ட முதலைக் கழிப்பார்கள். மிஞ்சுவது நிகர மதிப்பு. வட்டி 12 சதவீதம் என்றால், அடுத்த ஆண்டு வரும் 112 ரூபாய்க்கு இன்று 100 ரூபாய்தான் மதிப்பு. அந்தக் கணக்கில் சாய மெஷினில் 20 லட்சம், சோலாரில் 15, காம்பாக்டிங்கில் 11, பாய்லர் கருவியில் 7 லட்சம் மிஞ்சுவதாகக் கொள்வோம்.

பெரிய தொகையைப் பார்த்துச் சாய மெஷினைப் பிடித்தால் 90 லட்சம் அதிலேயே முடங்கிவிடும். அதே 90 லட்சத்தில் சோலாரும் காம்பாக்டிங்கும் வாங்கினால் 26 லட்சம் மிஞ்சும். தட்டுப்பாடு பணத்துக்குத்தான் என்றால், போடும் ஒவ்வொரு ரூபாயும் எவ்வளவு ஈட்டுகிறது என்பதே கேள்வி. வரவின் இன்றைய மதிப்பை முதலால் வகுத்தால் கிடைப்பது லாபக் குறியீடு. சாய மெஷினுக்கு அது 1.22, காம்பாக்டிங்குக்கு 1.28, சோலாருக்கு 1.30, பாய்லர் கருவிக்கு 1.35.

பாடப்புத்தகம் சொல்வது, குறியீடு அதிகமுள்ளதிலிருந்து வரிசையாக எடு என்பது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பாய்லர் கருவி, அடுத்து சோலார் என்று எடுத்தால் 70 லட்சம் போய்விடும். மீதி 30 லட்சத்தில் எதுவும் வாங்க முடியாது, மெஷினில் முக்கால் பங்கை யாரும் விற்பதில்லை. மிஞ்சுவது 22 லட்சம்தான். முதலிடத்தில் இருக்கும் பாய்லர் கருவியை விட்டுவிட்டால் 26 லட்சம். திட்டங்களைத் துண்டாக்க முடியாதபோது குறியீடு வழிகாட்டி மட்டுமே. 1 கோடிக்குள் அடங்கும் கூட்டணிகளை எழுதிப்பார்த்து ஒப்பிடுவதுதான் முடிவு.

பணத்தட்டுப்பாடு அடுத்த ஆண்டும் தொடர்ந்தால் ஒற்றைக் குறியீடு போதாது. இந்த ஆண்டின் செலவு, அடுத்த ஆண்டின் செலவு என இரண்டு வரம்புகள் வந்துவிடும். 1955-ல் சிகாகோவின் ஜேம்ஸ் லோரி, லெனர்ட் சாவேஜ் இருவரும் இந்தச் சிக்கலை எடுத்துப் பேசினார்கள். பிறகு நேரியல் திட்டமிடல் என்ற கணித முறை இதற்குக் கைகொடுத்தது.

நம் பட்டறைக்கு வருவோம். 26 லட்சம் தரும் கூட்டணியில் 10 லட்சம் சும்மா கிடக்கிறது. இன்னும் 10 லட்சம் புரட்டினால் பாய்லர் கருவியும் சேர்ந்து, மிச்சம் 33 லட்சமாகும். ஆக அந்தக் கூடுதல் 10 லட்சத்துக்கு 12 சதவீதத்துக்கும் மேலே கட்டவேண்டிய வட்டியின் இன்றைய மதிப்பு 7 லட்சத்துக்குள் இருக்கும்வரை, கூடுதல் வட்டிக்குக் கடன் வாங்கினாலும் நஷ்டமில்லை. வங்கி மேலாளரிடம் முதலாளி எதுவரை பேரம் பேசலாம் என்பதற்கு இதுதான் எல்லை.