பதிவு எண் எங்கே இருக்கிறது?

சித்த மருத்துவரிடம் முதன்முறை போகிறவர்கள் பெரும்பாலும் யாரோ சொல்லிக் கேட்டுத்தான் போகிறார்கள். காத்திருக்கும்போது கண்ணில் படுவது, மருத்துவர் தம்மைப் பற்றிச் சுவரிலோ நோட்டீஸிலோ எழுதியிருக்கும் சில வரிகள். அவற்றை வாசிக்கத் தெரிந்தால், நாடி பார்ப்பதற்கு முன்பே அவரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

பல ஊர்களில் காணக்கிடைக்கிற மாதிரி இது: “மூன்று தலைமுறை அனுபவம். அரசு பதிவு பெற்றது. சர்க்கரை, பக்கவாதம், வெண்புள்ளி நிரந்தரமாகக் குணமாகும். பக்கவிளைவு அறவே இல்லை.”

இதில் எங்கே படித்தார் என்பதே இல்லை. பரம்பரை அறிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. சித்த மருத்துவம் வளர்ந்ததே அப்படித்தான். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட தகுதியும் பதிவும் இல்லாமல் பரம்பரையை மட்டும் காட்டி மருத்துவம் பார்க்க முடியாது என்று, கேரளப் பாரம்பரிய வைத்தியர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. பட்டமில்லாமலே பழைய காலத்தில் பதிவேட்டில் இடம்பெற்ற மூத்த வைத்தியர்கள் உண்டு. அவர்களிடமும் பதிவு எண் இருக்கும்.

“அரசு பதிவு” என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அறக்கட்டளையைப் பதிவு செய்திருக்கலாம், கடைக்கு உரிமம் வாங்கியிருக்கலாம், ஜி.எஸ்.டி. எண்ணாகக்கூட இருக்கலாம். எதுவும் மருத்துவம் பார்க்கிற அனுமதி ஆகாது. தமிழ்நாட்டில் சித்த மருத்துவருக்கு வேண்டியது தமிழ்நாடு சித்த மருத்துவ கவுன்சிலின் பதிவு. கவுன்சிலின் பெயரும் எண்ணும் சேர்ந்து இருந்தால்தான் அதைச் சரிபார்க்க முடியும். ஆயுர்வேத மருத்துவருக்குப் பட்டம் பி.ஏ.எம்.எஸ்.; பதிவேடும் வேறு.

நிரந்தரக் குணம் என்ற வரி சட்டத்தையே மீறுகிறது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தில் ஒரு நோய்ப் பட்டியல் உண்டு. சர்க்கரை, புற்றுநோய், வலிப்பு, பக்கவாதம், வெண்புள்ளி, சிறுநீரகக் கல் எல்லாம் அதில் வருகின்றன. இவற்றை ஒரு மருந்து தீர்க்கும் என்று விளம்பரம் செய்தால் முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம். அதே சட்டம், பதிவு பெற்ற மருத்துவர் தம் மருத்துவமனையில் ‘இன்ன நோய்க்கு இங்கே சிகிச்சை அளிக்கப்படும்’ என்று பலகை வைப்பதை அனுமதிக்கிறது. சிகிச்சை தருவேன் என்று மருத்துவர் சொல்லலாம். அதன் முடிவு இன்னதுதான் என்று முன்கூட்டியே உறுதி சொல்ல யாராலும் முடியாது.

பக்கவிளைவு இல்லை என்பதும் அப்படித்தான். பாதரசம், கந்தகம், பாஷாணங்களை முறைப்படி சுத்தி செய்து செய்யப்படும் பற்பங்களும் செந்தூரங்களும் சித்தத்தின் சிறப்பு. சுத்தியில் குறை நேர்ந்தாலும், அளவு மிஞ்சினாலும் அவை உடலைக் கெடுக்கும். இதை நன்றாக அறிந்தவர்தான் பத்தியம் சொல்கிறார், அளவு சொல்கிறார். அவர் “அறவே இல்லை” என்று எழுதமாட்டார்.

ஒழுங்காக எழுதிய குறிப்பு எப்படி இருக்கும் என்று கற்பனையாக ஒன்று சொல்கிறேன்:

“பி.எஸ்.எம்.எஸ்., அரசு சித்த மருத்துவக் கல்லூரி, பாளையங்கோட்டை, 2009. எம்.டி. (சித்தா) குணபாடம், தேசிய சித்த மருத்துவ நிறுவனம், தாம்பரம் சானடோரியம், 2013. தமிழ்நாடு சித்த மருத்துவ கவுன்சில் பதிவு எண்: …… மூட்டுவலி, தோல் நோய்களுக்குச் சிகிச்சை அளிக்கிறேன். பலன் ஆளுக்கு ஆள் மாறும். சாப்பிட்டுவரும் மாத்திரைகளைச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். அவசர நிலைக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போகவும்.”

பி.எஸ்.எம்.எஸ். என்பது நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும். அதற்கு மேல் எம்.டி. மூன்று ஆண்டு. குணபாடம் என்றால் மருந்துகளின் குணத்தையும் செய்முறையையும் ஆழப் படித்தவர். குழந்தை மருத்துவத்தில் சிறப்புப் பட்டம் பெற்றவர் அல்லர். பிரிவைச் சொல்லாமல் எம்.டி. என்று மட்டும் போட்டிருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒரு வாரப் பயிலரங்கில் வாங்கிய வர்மச் சான்றிதழைப் பட்டத்தின் வரிசையிலேயே எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைத் தனியே, என்ன பயிற்சி, எத்தனை நாள் என்று எழுதுவதுதான் நேர்மை.

எனக்கு அந்தக் குறிப்பில் மிகவும் பிடித்தது மாத்திரையைப் பற்றிய வரி. நிரந்தரமாகக் குணமாகும் என்பதை நம்பி இன்சுலினை நிறுத்துகிறவருக்குச் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வரும். முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். அந்த ஒரு வரியை எழுதும் மருத்துவர், தம் மருந்தின் எல்லையை அறிந்தவர்.

அடுத்த முறை போகும்போது, சுவரில் பதிவு எண் இல்லையென்றால், “ஐயா, உங்கள் பதிவு எண்ணைக் கொஞ்சம் சொல்ல முடியுமா?” என்று கேளுங்கள். முறையாகப் படித்தவர் அதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார். கோபித்துக்கொண்டால், மருந்து வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.