மூன்று நாள் மைக்செட்டுக்கு ஒரு கடிதம்

"எங்கள் கோவில் பொங்கலுக்கு மூன்று நாள் மைக்செட் வேண்டும். கொட்டேஷன் அனுப்பவும்." மாரியம்மன் கோவில் விழாக் கமிட்டிக்கு நான் செயலாளரான முதல் வருடம், சவுண்ட் சர்வீஸ்காரருக்கு எழுதிய கடிதம் இவ்வளவுதான். பதிலும் ஒரே வரியில் ஒரே தொகையாக வந்தது. மஞ்சள் நீராட்டு முடிந்து கணக்குப் பார்க்க உட்கார்ந்தபோதுதான் ஜெனரேட்டர் டீசல், முளைப்பாரிக்குப் போன வண்டி மைக், ஆட்களின் பேட்டா எல்லாம் தனித்தனியாக வந்து நின்றன. அவரைக் குறை சொல்ல முடியாது. கேட்டதற்குத்தான் அவர் விலை சொல்லியிருந்தார்.

முதலில் 'மூன்று நாள்' என்பதையே எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்தில் செவ்வாய் சாயங்காலம் பொங்கல், புதன் அக்கினிச்சட்டியும் முளைப்பாரியும், வியாழன் மஞ்சள் நீராட்டு. ஆனால் திங்கள் இரவே வயர் இழுத்துக் கம்பம் நட்டால்தான் செவ்வாய் காலை பாட்டுப் போட முடியும். சாமான் இறங்கி ஏறும்வரை பார்த்தால் நான்கு இரவு ஆகிறது. அவருக்கு அது நான்கு நாள் வாடகை, நமக்கு மூன்று நாள் திருவிழா. அதனால் இப்போது கடிதத்தில் நாளை எழுதுவதில்லை, மணியை எழுதுகிறோம்:

"திங்கள் மாலை 4 மணிக்குச் சாமான் வந்து சேர வேண்டும். வியாழன் இரவு 10 மணிக்கு நிகழ்ச்சி முடியும். வெள்ளி காலை பிரித்துக்கொள்ளலாம். இதற்கு மொத்தம் எத்தனை நாள் வாடகை என்று குறிப்பிடவும்."

அடுத்து, எந்த மணிக்கு என்ன நடக்கிறது என்பது. செவ்வாய் இரவு வில்லுப்பாட்டு: முதன்மைப் பாடகருக்கும் பின்பாட்டுக்காரருக்கும் ஒவ்வொரு மைக், குடத்துக்கும் உடுக்கைக்கும் தாழ்ந்த ஸ்டாண்டில் தனி மைக். உட்கார்ந்து பாடுகிறவர்களுக்கு ஆளுயர ஸ்டாண்டைக் கொண்டுவந்தால் பாதிப் பாட்டு காற்றில்தான் போகும். புதன் பட்டிமன்றத்துக்கு நடுவருக்கு ஒன்று, இரண்டு அணிக்கும் நின்று பேச ஒவ்வொன்று, ஆக மூன்று மைக் போதும். வியாழன் இன்னிசைக் கச்சேரிக்குக் கதையே வேறு. கீபோர்டு, தபலா, டிரம்ஸ், பாடுகிறவர்கள் என்று இருபது இணைப்புக்கு மேல் வரும், பெரிய மிக்சர் தேவைப்படும், மேடையில் இருப்பவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே கேட்க மானிட்டர் பாக்ஸும் வேண்டும். நிகழ்ச்சியைச் சொல்லாமல் விலை கேட்டால், வியாழனுக்கு வேண்டிய சாமானை மூன்று நாளும் வைத்திருக்க ஒருவர் விலை சொல்லுவார். பட்டிமன்றத்துக்கு ஆகிற சாமானை மூன்று நாளைக்கும் கணக்கிட்டு இன்னொருவர் குறைத்துச் சொல்லுவார். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பயனில்லை.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது மந்தையின் படம். நோட்டுத் தாளில் கையால் வரைந்ததே போதும்: மேடை எங்கே, எவ்வளவு அகலம், கடைசி வரிசை எவ்வளவு தூரம், பள்ளிக்கூடம் எந்தப் பக்கம், வீடுகள் எங்கே ஆரம்பிக்கின்றன. காரணம் இதுதான். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. பாக்ஸிலிருந்து முதல் வரிசை 4 மீட்டர், கடைசி வரிசை 32 மீட்டர் என்றால் இடையில் தூரம் மூன்று முறை இரட்டிக்கிறது. அதாவது பின்னால் இருப்பவருக்கு 18 டெசிபல் குறைவாகக் கேட்கும். அவருக்குக் கேட்கட்டும் என்று மேடைப் பாக்ஸையே ஏற்றினால், முன்னால் சம்மணம் போட்டிருக்கும் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். பாதித் தூரத்தில் இன்னொரு ஜோடியைத் தாழ்ந்த ஒலியில் வைத்தால் இரண்டு பேருக்கும் நிம்மதி. ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். நடுவில் இருக்கும் பாக்ஸில் வார்த்தை உடனே வந்துவிட, மேடைப் பாக்ஸின் ஒலி சற்றுப் பிந்தி வந்து சேரும். பேச்சு குளறுவதுபோல இருக்கும். நடுப் பாக்ஸுக்குப் போகும் ஒலியை மிக்சரிலேயே அந்த அளவுக்குத் தாமதப்படுத்துகிற வசதி இருக்கிறதா என்று கடிதத்தில் கேட்டுவிட வேண்டும்.

குழாய் ஸ்பீக்கர் வேண்டாம் என்பதையும் எழுதிவிடுகிறோம். காவல் நிலையத்தில் எழுத்து மூலம் வாங்கும் அனுமதியில், கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது, பெட்டி வடிவம் மட்டுமே என்ற நிபந்தனை இருக்கும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை நாட்களுக்கு நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, அதுவும் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. நம் கமிட்டி அதை நம்பி நிகழ்ச்சி போடக் கூடாது என்பது என் கருத்து. பங்குனி என்பது பிள்ளைகளுக்குப் பரீட்சைக் காலம்.

இனி பணம். ஒரு பேச்சுக்கு, ஒருவர் 42,000 ரூபாய் என்கிறார், இன்னொருவர் 58,000 என்கிறார். கமிட்டியில் எல்லோரும் முதலாமவரையே கை காட்டுவார்கள். அவரிடம் உட்பிரிவு கேட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி என்பார், அது 7,560. ஜெனரேட்டர் தருவார், டீசல் நம்முடையது. இரவுக்கு ஐந்து மணி நேரம், மூன்று இரவு, மணிக்கு இரண்டரை லிட்டர் என்று வைத்தால் 37 லிட்டருக்கு மேல், சுமார் 3,500 ரூபாய். முளைப்பாரி வண்டி மைக் 3,000. நான்கு ஆட்களுக்கு மூன்று நாள் பேட்டா, தலைக்கு 500 வீதம் 6,000. கூட்டினால் 62,060 ஆகிறது. எல்லாம் உட்பட என்று சொன்ன இரண்டாமவர்தான் மலிவு. அதனால்தான் எங்கள் கடிதத்தில் இந்தப் பத்தி இருக்கிறது:

"வாடகை, வண்டிச் சத்தம், ஆட்கள் பேட்டா, சாப்பாடு, ஜெனரேட்டர், டீசல், வரி ஆகியவற்றைத் தனித்தனி வரியாக எழுதவும். நிகழ்ச்சி நேரம் முழுவதும் மிக்சரில் ஓர் ஆபரேட்டர் இருக்க வேண்டும். மாற்று ஆம்ப்ளிபயர் ஒன்றும் மாற்று மைக் இரண்டும் ஊரிலேயே இருக்க வேண்டும். மழையால் ஒரு நாள் நிகழ்ச்சி நின்றால் வாடகை எப்படி என்பதையும் தெரிவிக்கவும்."

மழை வரியைச் சேர்க்கச் சொன்னவர் ஒரு சவுண்ட் சர்வீஸ்காரரேதான். "அண்ணே, முன்னாடியே பேசிட்டா அன்னைக்கு ரெண்டு பேருக்கும் மனசு கோணாது" என்றார்.

கடிதம் எப்போது போகிறது என்பதும் விலையை மாற்றும். சுற்றுவட்டாரத்தில் பல ஊர்களுக்கு அதே செவ்வாய்தான் பொங்கல். சாட்டுக்குப் பிறகு கேட்டால் நல்ல சாமான் வேறு ஊருக்கு அட்வான்ஸ் வாங்கியிருக்கும், மிச்சம் இருப்பதுதான் நமக்கு வரும். இந்த வருடம் மாசி முதல் வாரத்திலேயே மூன்று பேருக்கு ஒரே கடிதத்தையும் ஒரே படத்தையும் அனுப்பினோம். இரண்டு பேர் வரி வரியாக விலை எழுதி அனுப்பினார்கள். மூன்றாமவர் பைக்கில் வந்து, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மந்தையை நடந்து அளந்தார். வேப்பமரத்தடியில் நின்று, "நடுப் பாக்ஸை இங்கே வைக்கலாம், பள்ளிக்கூடத்துப் பக்கம் முதுகைக் காட்டின மாதிரி இருக்கும்" என்றார். அட்வான்ஸை அவரிடம் கொடுத்தோம்.