எந்த நாள் கிண்டிய க்ரீம் இது?

கற்றாழை க்ரீம் வாங்கிய ஒருவர் இரண்டு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார்: “அக்கா, மேல கறுப்பா புள்ளி வந்திருக்கு. முகத்துல போட்டதும் எரியுது.” வீட்டில் சோப்பும் க்ரீமும் செய்து விற்கும் யாருக்கும் இப்படி ஒரு செய்தி என்றாவது வரும். பணத்தைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிடலாம். ஆனால் அதே பாத்திரத்தில் கிண்டிய க்ரீம் இன்னும் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது, அவர்கள் யார், கெட்டது எதனால் என்பதற்கு மன்னிப்பில் பதில் இல்லை. அந்தப் பதிலுக்காகத்தான் பேட்ச் எண்.

பேட்ச் என்பது ஒரே பாத்திரத்தில், ஒரே முறையில் கலந்து முடித்த சரக்கு. காலையில் ஒரு கிலோ, மாலையில் ஒரு கிலோ கிண்டினால் அவை இரண்டு பேட்ச். எண் எளிமையாக இருந்தால் போதும். 2025 மார்ச் 12-ஆம் தேதி முதலில் செய்தது 250312-1, அன்றே அடுத்துச் செய்தது 250312-2. முந்தைய பேட்சில் மிஞ்சியதைப் புதியதில் கலக்கவே கூடாது. கலந்துவிட்டால் புதிய பேட்ச் முழுவதற்கும் பழையதன் கடைசித் தேதிதான் பொருந்தும். பழையதில் கிருமி இருந்தால் அதுவும் சேர்ந்தே வரும்.

எண்ணுக்கு உயிர் கொடுப்பது அதற்குப் பின்னால் இருக்கும் பதிவேட்டுப் பக்கம். 250312-1 ஒரு கிலோ க்ரீம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கத்தில் தண்ணீர், எண்ணெய், குழம்பாக்கும் மெழுகு, கிளிசரின், பதப்படுத்தி என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருக்கும். ஒவ்வொரு வரியிலும் அன்று தராசில் கண்ட எடை, அந்தப் பொருளை வாங்கிய கடை, அதன் புட்டியில் இருந்த பேட்ச் எண், அதன் கடைசித் தேதி ஆகியவை இருக்கும். பதப்படுத்தியைச் சேர்த்தபோது இருந்த சூடு, முடிவில் பார்த்த பிஎச் அளவு, நிரப்பிய டப்பாக்களின் எண்ணிக்கை ஆகியவை கீழே வரும்.

இதில் அதிகம் நடக்கும் தவறு, செய்முறைத் தாளில் உள்ள அளவுகளை முன்கூட்டியே பதிவேட்டில் எழுதிவைத்துக்கொள்வது. அப்படி எழுதினால் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும், தவறு நடந்த நாள் மட்டும் தெரியாது. சோப்பில் இது ஆபத்தாகவே முடியும். தேங்காய் எண்ணெய் 600 கிராம், நல்லெண்ணெய் 300, விளக்கெண்ணெய் 100 என்று எடுத்தால், ஐந்து சதவீத எண்ணெய் மிச்சம் இருக்கும்படி காஸ்டிக் சோடா ஏறக்குறைய 155 கிராம் வேண்டும். எண்ணெய் முழுவதையும் சோப்பாக்கவே 163 கிராம்தான் பிடிக்கும். தராசில் பாத்திர எடையைச் சரியாகக் கழிக்காமல் பத்து கிராம் கூடிவிட்டால், காரம் எஞ்சிய சோப்பாகிவிடும். அது தோலைப் புண்ணாக்கும். தராசு காட்டிய எண்ணை அந்த நிமிடமே எழுதியிருந்தால் 165 என்பது கண்ணில் படும், சோப்பு வெளியே போகாது. எழுதும் பேனா தராசுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இப்போது கறுப்புப் புள்ளிக்கு வருவோம். டப்பாவின் அடியில் 250312-1 என்று இருக்கிறது. பக்கத்தைப் புரட்டினால், அன்று 50 கிராம் டப்பா 19 வந்தது, இரண்டை மாதிரியாக எடுத்துவைத்தது, 17 விற்றது எனத் தெரிகிறது. ஒவ்வொரு பேட்சிலிருந்தும் இப்படி ஒன்றிரண்டு டப்பாவை விற்கும் அதே டப்பாவில், வீட்டு அலமாரியின் சாதாரண வெப்பத்தில் வைத்திருக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்தால் வாடிக்கையாளர் வீட்டு நிலவரம் தெரியாது. மாதிரி டப்பா நன்றாக இருந்தால், வாங்கியவர் ஈரக் கையால் தொட்டதோ குளியலறையில் திறந்துவைத்ததோ காரணமாக இருக்கலாம். இங்கே மாதிரியைத் திறந்ததும் புளித்த வாடை வருகிறது, ஓரத்தில் தண்ணீர் பிரிந்திருக்கிறது. அப்படியானால் பேட்சிலேயே கோளாறு.

எங்கே? மார்ச் 8-இல் செய்த 250308-1 பக்கத்தோடு ஒப்பிட்டால் மெழுகு, எண்ணெய், பதப்படுத்தி எல்லாம் அதே புட்டி, அதே அளவு. அந்தப் பேட்சின் மாதிரியும் நன்றாக இருக்கிறது. எனவே பதப்படுத்தியின் மேல் பழி போட முடியாது. மார்ச் 12-ஆம் பக்கத்தில் மட்டும் ஒரு வரி வேறாக இருக்கிறது: கற்றாழைப் பவுடர் தீர்ந்துபோனதால் 200 கிராம் பச்சைக் கற்றாழைச் சோற்றை அரைத்துச் சேர்த்திருக்கிறார்கள். பச்சைச் சோற்றில் கிருமிகளும் அவை தின்பதற்கான சத்தும் சேர்ந்தே வருகின்றன. காய்ச்சி வடித்த தண்ணீருக்கு என்று கணக்கிட்ட ஒரு சதவீதப் பதப்படுத்தி அதைத் தாங்காமல் போயிருக்கக்கூடும். காரணம் இதுதானா என்று உறுதிசெய்ய, மீதமிருக்கும் இன்னொரு மாதிரியை அழகுசாதனப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வகத்துக்கு அனுப்பி மொத்த பாக்டீரியா, பூஞ்சை எண்ணிக்கையைக் கேட்க வேண்டும். புள்ளி தெரியாத டப்பா சுத்தமானது என்று எண்ணிவிடவும் கூடாது. பாக்டீரியா பெருகியிருப்பது பல நேரங்களில் கண்ணுக்கே தெரியாது.

ஆய்வக முடிவு வரும்வரை காத்திருக்காமல் 17 பேருக்கும் அன்றே சொல்லிவிட வேண்டும்: பயன்படுத்துவதை நிறுத்துங்கள், டப்பாவைத் திருப்பி அனுப்புங்கள், பணம் தருகிறோம். ஆன்லைனில் வாங்கிய பன்னிரண்டு பேரின் ஆர்டரிலும் பேட்ச் எண் குறித்திருந்தால் இது ஒரு மணி நேர வேலை. கண்காட்சிக் கடையில் ரொக்கத்துக்கு வாங்கிப்போன ஐந்து பேர்தான் சிக்கல். அவர்களுக்காக விற்பனைப் பக்கத்தில் பேட்ச் எண்ணோடு பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். எண் இருப்பதால் மார்ச் 8-இல் செய்த சரக்கைத் தொட வேண்டியதில்லை. எண் இல்லையென்றால் அந்த இரண்டு மாதங்களில் விற்ற அத்தனையையும் திரும்ப வாங்க வேண்டும். அல்லது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பலர் இதைத்தான் செய்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

அடுத்தது கடைசித் தேதி. பெரிய கம்பெனி டப்பாவைப் பார்த்து “24 மாதம்” என்று அடித்துவிடுவது பரவலான வழக்கம். அந்தக் கம்பெனி பல மாதங்கள் சூட்டிலும் சாதாரண வெப்பத்திலும் வைத்துப் பார்த்து, கிருமியை வேண்டுமென்றே கலந்து பதப்படுத்தி அதைக் கொல்கிறதா என்றும் சோதித்து அந்த எண்ணுக்கு வந்திருக்கும். நம்மிடம் அந்தச் சோதனை இல்லாதபோது அந்த எண்ணும் நம்முடையதல்ல. நம் உச்ச வரம்பைச் சொல்வது, கலந்த பொருள்களிலேயே முதலில் காலாவதியாகும் பொருள். மார்ச் 2025-இல் செய்த க்ரீமில் போட்ட நல்லெண்ணெய்ப் புட்டியில் டிசம்பர் 2025 என்று இருந்தால், க்ரீமின் தேதி அதைத் தாண்டக் கூடாது. தண்ணீர் கலந்த புதிய க்ரீமுக்கு ஆறு மாதத்துக்குமேல் போடாமல் தொடங்குவதே நேர்மை. மாதிரி டப்பாக்களை மாதாமாதம் திறந்து நிறம், வாடை, பிஎச் பார்த்து எழுதிவந்து, ஆய்வகச் சோதனையும் செய்தபின் நீட்டிக்கலாம். வைட்டமின் ஈ சேர்த்திருக்கிறோம், கெடாது என்று நம்புகிறவர்கள் ஏராளம். அது எண்ணெய் காறிப்போவதைத் தள்ளிப்போடுமே தவிர, கிருமியைத் தடுக்காது.

சோப்பு கெடும் விதம் வேறு. காரத்தன்மை அதிகம் என்பதால் கிருமி வளர்வது அரிது. சோப்பாகாமல் மிஞ்சிய எண்ணெய்தான் காறும். ஆரஞ்சு நிறப் புள்ளியும் பழைய எண்ணெய் வாடையும் அதன் அடையாளம். தேங்காய் எண்ணெய் மிகுந்த சோப்பு நெடுநாள் தாங்கும், சூரியகாந்தி எண்ணெய் மிகுந்தது சீக்கிரம் காறும். தயாரித்த தேதி என்பது அச்சில் ஊற்றிய நாள். நான்கு முதல் ஆறு வாரம் உலரவைத்து விற்பனைக்கு எடுத்த நாளைப் பதிவேட்டில் தனியாகக் குறிக்கலாம். அதைத் தயாரித்த தேதியாக லேபிளில் காட்டக் கூடாது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டமும் 2020-இல் வந்த அழகுசாதனப் பொருள்கள் விதிகளும் விற்பனைக்குச் செய்யும் க்ரீமுக்கும் சோப்புக்கும் பொருந்தும். “வீட்டில் செய்வது, கையால் செய்வது” என்பதற்கு விலக்கு இல்லை. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். சொந்தமாக இடவசதி இல்லாதவர்கள் உரிமம் பெற்ற இன்னொரு தயாரிப்புக்கூடத்தில் செய்வதற்கான கடன் உரிமம் பெறலாம். லேபிளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, பேட்ச் எண், உரிம எண், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும். பேட்ச் பதிவேடுகளைக் குறைந்தது மூன்று ஆண்டாவது பத்திரப்படுத்த வேண்டும். சோப்புக்கு மட்டும் பேட்ச் எண்ணுக்குப் பதிலாகத் தயாரித்த மாதமும் ஆண்டும் போடும் சலுகை உண்டு. ஆனால் ஒரே மாதத்தில் நான்கு பேட்ச் ஊற்றுகிறவருக்கு மாதத்தை மட்டும் போட்டால் எதைத் திரும்ப வாங்குவது என்று தெரியாது. சோப்புக்கும் எண் போடுவதே அவருக்குப் பாதுகாப்பு.

மொத்தமாகக் க்ரீம் வாங்கித் தன் பெயர் ஒட்டி விற்பவர்களும் தப்ப முடியாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அடுத்தவர் செய்த பொருளில் தன் முத்திரையை இடுகிறவரையும் தயாரிப்பாளர் என்றே கொள்கிறது. அதனால் சரக்கு தருகிறவரிடம் பேட்ச் எண் போட்ட பில்லும், அந்தப் பேட்சின் சோதனை அறிக்கையும் கேட்டு வாங்குங்கள். கெட்ட எண்ணெயைத் தந்த கடைக்காரரிடம் இழப்பீடு கேட்பதற்கும் இந்தக் காகிதங்கள்தான் சான்று.

வாங்குகிறவர்களுக்கும் வழி உண்டு. தோலில் எரிச்சலோ தடிப்போ வந்தால் டப்பாவைக் கழுவாமல், தூக்கிப்போடாமல், லேபிளோடு படமெடுத்து வையுங்கள். மருத்துவரிடம் காட்டும்போது அதையும் காட்டுங்கள். விற்றவர் பேச மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். வாங்கிய பொருளைக் கட்டணம் செலுத்தி அரசு பகுப்பாய்வாளரின் சோதனைக்கு அனுப்பும் உரிமையை 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு தருகிறது.

இதுவரை எண்ணே இல்லாமல் செய்து அலமாரியில் வைத்திருக்கும் சரக்கை என்ன செய்வது என்ற கேள்வி எழும். அதற்கு இன்று உட்கார்ந்து நினைவிலிருந்து ஒரு பேட்ச் எண்ணும் தேதியும் எழுதுவது பொய்ப் பதிவு. எப்போது, எதைக் கொண்டு செய்தது என்று பில்லோ குறிப்போ வைத்து உறுதிசெய்ய முடியாத க்ரீமை விற்பனையிலிருந்து எடுத்துவிட வேண்டும். அடுத்த முறை அடுப்பைப் பற்றவைக்கும் முன் நோட்டில் புதிய பக்கம் திறந்து எண்ணை எழுதுங்கள். டப்பாக்களை நிரப்பி முடித்ததும் அந்த எண் போட்ட லேபிளை அன்றே ஒட்டி, மிஞ்சிய லேபிள்களை எண்ணிக் குறித்துவிட்டுக் கிழித்துப்போடுங்கள். மேசையில் கிடக்கும் பழைய எண் லேபிள்தான் பெரும்பாலும் அடுத்த பேட்சின் டப்பாவில் ஒட்டிக்கொண்டு போகிறது.