ஊழியர் போனதும் இரவு வேலை ஏன் நிற்கிறது?

எஸ்ஏபி நிர்வாகி ஒருவர் விலகுகிறார், அவருடைய பயனர் கணக்கு பூட்டப்படுகிறது. அன்றிரவே சப்ளையர்களுக்குப் போகவேண்டிய பர்ச்சேஸ் ஆர்டர்கள் நின்றுவிடுகின்றன. ஏன்?

நேரம் குறித்து ஓடும் ஒவ்வொரு வேலையும் யாரோ ஒரு பயனரின் உரிமையில்தான் ஓடுகிறது. அந்தக் கணக்கு பூட்டப்பட்டிருந்தால் வேலை தொடங்கும்போதே ரத்தாகும். வெளியே போகும் ஆர்டர்களை ஐடாக் கோப்புகளாக அனுப்பும் `RSEOUT00` அவர் பெயரில் இருந்தால், அவை நிலை 30-இல், அதாவது அனுப்பத் தயார் என்றே, குவிந்து கிடக்கும். ஐடாக்கில் பிழை எதுவும் தெரியாது என்பதுதான் இதில் விஷமம். `WE02`-இல் 30-இன் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் சந்தேகப்படுங்கள்.

ஒப்படைப்புக் குறிப்பு எழுதுபவர் `SM37`-இல் தன் பெயரைத் தேடினால் போதாது. அது வேலையைத் திட்டமிட்டவரைக் காட்டும். ஓடுவது வேறொருவர் பெயரிலும் இருக்கலாம். `SE16`-இல் இப்படித் தேட வேண்டும்:

```
TBTCP
AUTHCKNAM = பயனர் பெயர்
```

கிடைத்தவற்றை மனிதர் அல்லாத ‘சிஸ்டம்’ வகைக் கணக்குக்கு மாற்ற வேண்டும். `SM59` இணைப்புகளில் பதிந்துள்ள பயனரையும் பார்ப்பது நல்லது.

ஒப்படைப்புக் குறிப்பின் நிலுவைப் பட்டியலில் ஒன்றை மட்டும் விளக்கி எழுதியே ஆகவேண்டும். உள்ளே வந்து, பதிவாகாமல் நிலை 51-இல் நிற்கும் ஐடாக்குகளில் சிலவற்றைக் கணக்குப் பிரிவினர் கையாலேயே பதிந்திருப்பார்கள். அது தெரியாமல் புதியவர் `BD87`-இல் மறுபடி ஓட்டினால் ஒரே பில் இரண்டு முறை ஏறிவிடலாம். அவற்றை நிலை 68-க்கு மாற்றிவிட்டுப் போவதே சரி.