அச்சிட்ட பொருளுக்கு என்ன விலை வைப்பது?

முப்பரிமாண அச்சில் எடுத்த பொருளுக்கு விலை சொல்லும்போது சிறிய பட்டறைகள் பெரும்பாலும் எடையைத்தான் பார்க்கின்றன. கிராமுக்கு நான்கு ரூபாய், ஐந்து ரூபாய் என்று ஒரு விகிதத்தை வைத்துக்கொண்டு எடையால் பெருக்கிவிடுகிறார்கள். வாங்க வருபவருக்கும் அது சட்டென்று புரியும். ஆனால் பிரின்டரின் செலவு முழுவதும் எடையைத் தொடர்ந்து போவதில்லை. ஃபிலமென்ட் செலவு எடையோடு ஏறுகிறது. மின்சாரமும் இயந்திரத் தேய்மானமும் நேரத்தோடு ஏறுகின்றன. ஆள் கூலி இரண்டிலும் ஒட்டாமல் தனியே நிற்கிறது. மூன்றையும் தனித்தனியே கணக்கிட்டால்தான் எந்தப் பொருளில் லாபம், எதில் கைநட்டம் என்பது தெரியும்.

மேசை மேல் வைக்கும் செல்போன் ஸ்டாண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஃபிலமென்ட் பிஎல்ஏ, ஒரு கிலோ ஸ்பூல் வரியும் கூரியரும் சேர்த்து 1,100 ரூபாய். அச்சிடும் பிரின்டர் 30,000 ரூபாய்க்கு வாங்கியது. இந்த விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. அவரவர் பில்லில் உள்ள எண்ணைப் போட்டுக்கொண்டால் போதும், செய்முறை மாறாது.

பொருளின் வடிவக் கோப்பை அடுக்கடுக்காக வெட்டி பிரின்டருக்கான கட்டளையாக மாற்றும் மென்பொருள் ஸ்லைசர். க்யூரா, ப்ரூசா ஸ்லைசர், ஆர்க்கா ஸ்லைசர் எதுவானாலும், வெட்டி முடித்ததும் எத்தனை கிராம் ஆகும், எவ்வளவு நேரம் ஆகும் என்று திரையில் காட்டிவிடும். தாங்குதூண்களின் எடையும் அதிலேயே சேர்ந்திருக்கும். நம் ஸ்டாண்டுக்கு அது 80 கிராம் என்றும் 5 மணி நேரம் என்றும் காட்டுவதாகக் கொள்வோம்.

எடை எண் பெரும்பாலும் நம்பத்தக்கது. ஆனால் ஸ்லைசர் எடை போட்டுப் பார்ப்பதில்லை. எத்தனை மீட்டர் இழை ஓடும் என்று கணக்கிட்டு, அமைப்பில் உள்ள அடர்த்தியால் பெருக்குகிறது. பிஎல்ஏவின் அடர்த்தி 1.24, ஏபிஎஸ்ஸின் அடர்த்தி சுமார் 1.04. ஏபிஎஸ் போட்டுவிட்டு அமைப்பில் பிஎல்ஏ என்றே விட்டிருந்தால், திரையில் வரும் எடை உண்மையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கும். அச்சாகி வந்த பொருளைத் தாங்குதூண்களோடு ஒருமுறை டிஜிட்டல் தராசில் வைத்துப் பார்த்தால் இந்தப் பிழை உடனே தெரிந்துவிடும். பல நிறத்தில் அச்சிடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிறம் மாறும்போதெல்லாம் பழைய நிறத்தை நாசிலிலிருந்து வெளியே தள்ளிக் கழிக்க வேண்டியிருக்கிறது. சிறிய பொருளில் நிறம் அடிக்கடி மாறினால், கழிவு பொருளின் எடையையே தாண்டிவிடுவதுண்டு.

1,100 ரூபாயை 1,000 கிராமால் வகுத்து, கிராமுக்கு 1.10 என்று வைத்தால் கொஞ்சம் ஏமாந்துபோவோம். ஸ்பூலின் கடைசிச் சுற்று, மாற்றும்போது வெளியே விடுவது, சோதனைத் துண்டுகள் என்று ஏதாவது கழிந்துகொண்டே இருக்கும். கிலோவில் 950 கிராம்தான் விற்கும் பொருளாகிறது என்று வைத்தால் கிராமுக்கு சுமார் 1.16 ரூபாய். 80 கிராமுக்கு 92 ரூபாய் 80 காசு.

அடுத்தது மின்சாரம். புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பயத்துக்குக் காரணம் மிகச் சிறியது. பிரின்டரின் மின்வழங்கியில் 350 வாட் என்று எழுதியிருக்கும். அது அந்தப் பெட்டி தரக்கூடிய உச்ச அளவு. மேடையைச் சூடேற்றும் முதல் சில நிமிடங்களில் மட்டும் அதன் அருகே போகும். மேடை 60 டிகிரியை எட்டியதும் சூடேற்றி விட்டு விட்டுத்தான் இயங்கும். பிஎல்ஏ அச்சிடும்போது இந்த வகைச் சிறிய பிரின்டர் சராசரியாக 100 முதல் 150 வாட் வரைதான் எடுக்கும். மேடை 100 டிகிரியில் நிற்க வேண்டிய ஏபிஎஸ்ஸுக்கு இது கணிசமாகக் கூடும். பிளக்கில் செருகும் சிறிய மின்அளவி ஒன்றை வாங்கி, ஒரு முழு அச்சுக்கு எத்தனை யூனிட் ஓடியது என்று பார்த்துவிட்டால் ஊகிக்க வேண்டியதில்லை.

நேரத்தில் ஸ்லைசர் சொல்லும் எண்ணை அப்படியே எடுக்கக்கூடாது. மேடை சூடாவது, மட்டம் பார்ப்பது போன்ற தொடக்க வேலைகள் பல ஸ்லைசர்களின் கணக்கில் சரியாக வருவதில்லை. பிரின்டர் உண்மையில் எவ்வளவு விரைவாக வேகம் கூட்டிக் குறைக்கும் என்பது அமைப்பில் தவறாக இருந்தாலும் எண் பிசகும். சில அச்சுகளுக்குத் திரை சொன்ன நேரத்தையும் கடிகாரம் காட்டிய நேரத்தையும் குறித்து வைத்தால், அந்த பிரின்டருக்கான விகிதம் கிடைத்துவிடும். இங்கே பத்து சதவீதம் கூடுகிறது என்று வைப்போம். 5 மணி நேரம் ஐந்தரை மணியாகிறது. சராசரி 120 வாட் என்றால் 0.66 யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் போட்டாலும் 6 ரூபாய் 60 காசுதான்.

யூனிட் விலையைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. முதல் 100 யூனிட் இலவசம். பிரின்டர் எடுக்கும் மின்சாரம் வீட்டின் மற்ற செலவுக்கு மேலே போய்ச் சேருவதால், அதற்குப் பில்லின் சராசரி விலையைப் போடுவது தவறு. கடைசிப் படியின் விலையைத்தான் போட வேண்டும். இரண்டு மாதச் செலவு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையும் சேர்ந்தே கூடிவிடும். வணிக இணைப்பாக இருந்தால் அதற்குரிய கட்டணம். எப்படிப் போட்டாலும் இந்தப் பொருளில் மின்சாரம் ஒரு டீ விலையைத் தாண்டுவதே அரிது.

பணம் உண்மையில் கரைவது இயந்திர நேரத்தில். 30,000 ரூபாய் பிரின்டர் 3,000 மணி நேரம் ஓடித் தன் விலையை ஈட்டித் தர வேண்டும் என்று வைத்தால் மணிக்கு 10 ரூபாய். அதே காலத்தில் நாசில், பெல்ட், மேடைத் தகடு, விசிறி என்று மாற்ற 6,000 ரூபாய் ஆகும் என்றால் மணிக்கு இன்னும் 2 ரூபாய். ஆக ஒரு மணிக்கு 12 ரூபாய், ஐந்தரை மணிக்கு 66 ரூபாய். மின்சாரத்தைப் போலப் பத்து மடங்கு. இதற்கு மாதாமாதம் பில் வராததால் பலர் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பிரின்டர் பழுதாகி நிற்கும் அன்று கையில் அடுத்த இயந்திரம் வாங்கப் பணம் இருக்காது.

மூன்றும் சேர்ந்து 165 ரூபாய் 40 காசு. எல்லா அச்சும் நல்லபடியாக முடிவதில்லை. மேடையிலிருந்து கழன்று போகும், பாதியில் இழை சிக்கும், நாசில் அடைத்துக்கொள்ளும். பத்தில் ஒன்று வீணாகும் என்றால், ஒன்பது நல்ல பொருள்கள் பத்தின் செலவைச் சுமக்க வேண்டும். ஆகவே 165.40ஐ 0.9 ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது ஏறத்தாழ 184 ரூபாய். வீணானவை எல்லாம் கடைசி அடுக்கில்தான் கெட்டன என்று இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. முதல் அடுக்கிலேயே கழன்றதைப் பார்த்து நிறுத்தியவருக்கு நட்டம் இதைவிடக் குறையும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஈரம் உறிஞ்சிய ஃபிலமென்ட்டும் ஒரு காரணம். அச்சிடும்போது நாசிலில் சிறு வெடிப்புச் சத்தம் கேட்டாலும், பரப்பில் நூல் நூலாகத் தொங்கினாலும், ஸ்பூலை உலர்த்தாமல் மேற்கொண்டு ஓட்டுவதில் பயனில்லை.

அடுத்து ஆள் வேலை. கோப்பைச் சரிபார்ப்பது, பொருளை மேடையிலிருந்து எடுப்பது, தாங்குதூண்களைப் பிய்த்துத் தேய்ப்பது, பொட்டலம் கட்டுவது எல்லாம் சேர்ந்து 15 நிமிடம். மணிக்கு 120 ரூபாய் கூலி என்றால் 30 ரூபாய். அட்டைப்பெட்டி 12 ரூபாய். அடக்க விலை 226 ரூபாய்.

லாபம் சேர்க்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். இணையச் சந்தை விற்ற விலையில் 15 சதவீதம் கமிஷன் பிடிக்கிறது, நமக்கு 25 சதவீதம் லாபம் வேண்டும் என்று வைப்போம். அடக்கத்தோடு 40 சதவீதம் கூட்டி 316 ரூபாய் என்று போடுவது வழக்கம். ஆனால் கமிஷன் அடக்கத்துக்கு அல்ல, விற்ற விலைக்குப் பிடிக்கப்படுகிறது. 316இல் 47 ரூபாய் கமிஷன் போக, அடக்கமும் போனால் மிச்சம் 43 ரூபாய்; விலையில் 14 சதவீதம்கூட இல்லை. விலையின் 40 சதவீதம் வெளியே போகிறது என்றால் 60 சதவீதம் அடக்கத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். 226ஐ 0.6 ஆல் வகுத்தால் 377 ரூபாய். அதுதான் சரியான விலை.

இதே எண்களை வைத்து, கிராமுக்கு நான்கு ரூபாய் என்ற விகிதத்தைச் சோதித்துப் பார்க்கலாம். வெளிச்சத்தில் பிடித்தால் புகைப்படம் தெரியும் லித்தோபேன் தகடு 30 கிராம்தான் இருக்கும். ஆனால் மெல்லிய அடுக்குகளாக, உள்ளே இடைவெளி இல்லாமல் அச்சிட வேண்டியிருப்பதால் 6 மணி நேரம் ஆகிறது. எடைக் கணக்கில் விலை 120 ரூபாய். ஃபிலமென்ட் 35, மின்சாரம் 7, இயந்திரம் 72, இவற்றோடு வீணாவதையும் சேர்த்தாலே 127 ரூபாய் ஆகிவிடுகிறது. கூலியும் பெட்டியும் இன்னும் சேரவில்லை. எடை விகிதம் கனமான, விரைவாக முடியும் பொருளுக்கு அதிக விலை சொல்கிறது. இலேசான, நுணுக்கமான பொருளை நட்டத்துக்கு விற்கிறது. வாடிக்கையாளர்களும் இரண்டாவது வகையைத்தான் தேடி வருவார்கள்.

செல்போன் ஸ்டாண்டு 377 ரூபாய்க்குப் போகவில்லை என்றால் முதலில் குறைக்க வேண்டியது லாபத்தை அல்ல, நேரத்தை. அடுக்கின் கனத்தை 0.2 மி.மீட்டரிலிருந்து 0.28க்கு ஏற்றினால் அடுக்குகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 29 சதவீதம் குறையும். தாங்குதூண் தேவைப்படாதபடி சாய்வை மாற்றி வரைந்தால் எடையும் கூலியும் சேர்ந்தே குறையும். 70 கிராம், நான்கு மணி சொச்சம், 10 நிமிட ஆள் வேலை என்று ஆகிவிட்டால் அடக்கம் 182 ரூபாய், விலை 303 ரூபாய். பரப்பில் வரிகள் சற்றுத் தடிப்பாகத் தெரியும். மேசை மேல் வைக்கும் பொருளுக்கு அது குறையில்லை.

இதற்குக் கீழே இறங்க அதிக வழியில்லை. அச்சு வார்ப்பில் ஆயிரக்கணக்கில் தயாராகும் பிளாஸ்டிக் ஸ்டாண்டோடு விலையில் போட்டியிட பிரின்டரால் முடியாது. பெயர் பொறித்தது, அளவு கொடுத்துச் செய்யச் சொன்னது, கடையில் கிடைக்காமல் போன பழைய இயந்திரத்தின் உதிரிப்பாகம் போன்றவற்றுக்கு மேலே சொன்ன கணக்கின்படி விலை கேட்கலாம், கொடுப்பார்கள். கடைத்தெருவில் குவியலாகக் கிடைக்கும் பொருளை அச்சிட்டு விற்பது வீண் வேலை.