முதலில் மூச்சா, மார்பழுத்தமா?
பாடசாலை ஆசிரியர்களுக்கு ஒரு சிற்றுரை

அலவத்துகொடப் பகுதிப் பாடசாலையொன்றின் ஆசிரியர்களுக்கு அண்மையில் நாம் ஆற்றிய சிற்றுரையின் சாரத்தை, வீட்டிலுள்ளோரும் மாணவரும் அறிந்துகொள்ளும்பொருட்டு இங்கே எழுதுகிறோம். உரைக்கு முன்னரே ஆசிரியை ஒருவர் எம்மிடம் ஒரு வினாவை எழுப்பினார். “மூச்சில்லாமல் ஒருவர் கிடக்கிறார். அவருக்கு முதலில் மூச்சைக் கொடுக்க வேண்டாமா? மார்பை ஏன் அழுத்தச் சொல்கிறீர்கள்?” என்பதே அவ்வினா. மிக நியாயமான வினா. எமது உரை முழுவதும் அதற்கு அளித்த விடையே எனலாம்.

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். மாரடைப்பு என்பது இருதயத் தசைக்கு இரத்தங் கொண்டுசெல்லும் குழாயொன்று அடைபடுவது. அந்நோயாளி நெஞ்சு நோகிறதென்று சொல்வார், வியர்ப்பார், மூச்சும் நாடித்துடிப்பும் அவருக்கு உண்டு. இருதய நிறுத்தம் என்பது வேறு. இருதயம் இரத்தத்தைத் தள்ளுந் தொழிலை அடியோடு விட்டுவிடுகிறது. பெரும்பாலும் தசைநார்கள் ஒன்றோடொன்று இசையாமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். மனிதன் சில வினாடிகளில் நினைவிழந்து வீழ்வான். மாரடைப்பு இருதய நிறுத்தத்தில் முடிவதுண்டு. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. பேசிக்கொண்டிருப்பவரின் மார்பை எவரும் அழுத்தலாகாது.

இரத்தத்தில் எஞ்சியிருக்கும் பிராணவாயு

இனி, அவ்வாசிரியையின் வினாவுக்கு வருவோம். நலமாயிருந்த ஒருவர் திடீரென வீழ்கிறார். வீழ்வதற்கு முந்திய கணம் வரை அவர் இயல்பாகவே மூச்செடுத்துக்கொண்டிருந்தார். ஆகவே அவருடைய இரத்தம் பிராணவாயு நிறைந்ததாகவே இருக்கிறது. நாடிகளில் ஓடும் இரத்தத்தின் ஒவ்வொரு 100 மில்லிலீற்றரிலும் ஏறத்தாழ 20 மில்லிலீற்றர் பிராணவாயு உண்டு. உடலெங்குஞ் சுற்றி நாளங்களின் வழியே திரும்பும்போதும் அதில் 15 மில்லிலீற்றர் எஞ்சியிருக்கும். ஓய்வாயிருக்கும் உடல் ஒரு சுற்றில் எடுத்துக்கொள்வது காற்பங்கு மாத்திரமே. இதனோடு சுவாசப்பைகளில் தங்கியிருக்கும் காற்றையுஞ் சேர்த்துக்கொள்க.

வளர்ந்தவர் ஒருவருக்கு இரத்தம் ஏறத்தாழ 5 லீற்றர். ஓய்விலுள்ள உடல் நிமிடத்துக்குச் செலவிடும் பிராணவாயு சுமார் 250 மில்லிலீற்றர். கணக்கிட்டுப் பார்த்தால், முதற் சில நிமிடங்களுக்கு வேண்டிய கையிருப்பு உடலுக்குள்ளேயே இருப்பது விளங்கும். குறைவாயிருப்பது பிராணவாயுவன்று, அதனை மூளைக்குக் கொண்டுசெல்லும் ஓட்டமே. தானியம் நிறைந்த களஞ்சியமிருந்தும் வண்டி நின்றுவிட்ட நிலை இது. வண்டியை ஓட்டாமற் களஞ்சியத்தில் மேலும் தானியங் கொட்டுவதால் யாருக்குப் பசி தீரும்? மார்பை அழுத்துவதே வண்டியை ஓட்டுவது.

அழுத்துவதால் உண்டாகும் ஓட்டம் இயல்பான ஓட்டத்தில் காற்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரையிலேயே இருக்கும். இது அற்பமெனத் தோன்றலாம். ஆனால் மூளை அழியாமற் காப்பதற்கு இது உதவும். ஒன்றுஞ் செய்யாவிடில் நாலைந்து நிமிடங்களில் மூளைக்குக் கேடு தொடங்கிவிடும்.

இடையில் நிறுத்தினால் என்ன?

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. இருதயத் தசையும் பிராணவாயுவின்றி வாழாது. அதற்குரிய முடியுரு நாடிகளில் இரத்தம் பாய்வது, பெரும்பாலும் நாம் அழுத்திய கையை மேலெழ விடும் வேளையில். அப்பாய்ச்சலுக்கு வேண்டிய அமுக்கம் முதல் அழுத்தத்திலேயே உண்டாகிவிடாது. தொடர்ந்து பல அழுத்தங்கள் கொடுத்த பின்னரே படிப்படியாக உயரும். கையை எடுத்ததும் சில வினாடிகளில் வீழ்ந்துவிடும். பழுதுபட்ட குழாய்க்கிணற்றின் கைப்பம்பை நினைத்துப் பாருங்கள். முதற் சில அடிகளுக்குத் தண்ணீர் வராது. வரத் தொடங்கியபின் கையை எடுத்தால் நீர் கீழிறங்கிவிடும். மறுபடி முதலிலிருந்தே அடிக்க வேண்டும்.

பயிற்சியற்ற ஒருவர் வாயோடு வாய் வைத்து இருமுறை மூச்சூதுவதற்கு ஏறத்தாழ 16 வினாடி ஆகிறதென ஆராய்ச்சியாளர் அளந்து கண்டனர். நிமிடத்துக்கு 110 என்னும் வேகத்தில் 30 அழுத்தங்கள் கொடுக்கவும் ஏறத்தாழ அதே 16 வினாடிதான். ஆகவே, தடுமாறி மூச்சூதுபவரின் கையில் நோயாளி பாதி நேரம் இரத்தவோட்டமின்றியே கிடப்பார்.

அமெரிக்காவின் சியாற்றில் நகரில், தொலைபேசியில் அழைத்தவர்களுள் ஒரு சாராருக்கு மார்பழுத்தத்தை மாத்திரமும், மற்றொரு சாராருக்கு மூச்சூதுதலையுஞ் சேர்த்தும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தனர். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அம்முடிவின்படி, பிழைத்து வீடு திரும்பியோர் முதற் சாராரில் நூற்றுக்கு 14.6, இரண்டாஞ் சாராரில் 10.4. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதை அவ்வாராய்ச்சியாளரே ஒப்புக்கொண்டனர். எனினும், மூச்சூதாமையால் தீங்கு விளைந்ததாகக் காணப்படவில்லை. சொல்லிக்கொடுப்பதும் விரைவில் முடிந்தது.

முறை பிறந்த கதை

இம்முறையைக் கண்டவர்களுள் மூத்தவர் வைத்தியரல்லர், மின்பொறியியலாளர். பால்ரிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் நிலையத்தில், நடுங்கும் இருதயத்தை மின்னதிர்ச்சியால் நிலைநிறுத்தும் கருவியைப் பற்றிக் கூவன்ஹோவன் ஆராய்ந்துகொண்டிருந்தார். பாரமான மின்வாய்களை நாயின் மார்பில் அழுத்தி வைக்கும்போதே அதன் இரத்த அமுக்கம் சிறிது உயர்வதை அவருடைய உதவியாளர் நிக்கர்பொக்கர் கவனித்தார். மின்சாரம் பாய்ச்சுமுன்னரே உயர்ந்தது ஏன் என்று ஆராயப்போய், வெளியிலிருந்து அழுத்தியே இரத்தத்தை ஓட்டலாமெனக் கண்டனர். அதுவரை மார்பைப் பிளந்து, இருதயத்தைக் கையாற் பிசைவதே வழக்கம். அறுவை வைத்தியர் ஜூட் அவர்களும் சேர்ந்து, 1960இல் இம்மூவரும் 20 நோயாளரைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். அவர்களுள் 14 பேர் பிழைத்தனர். அவர்கள் வைத்தியசாலைக்குள்ளேயே இருந்தவர்கள் என்பதை மறத்தலாகாது. வீதியில் வீழ்வோருக்கு அத்துணை நற்பேறு வாய்ப்பதில்லை.

அதன்பின் நெடுங்காலம், மூச்சுவழியைத் திறத்தல், மூச்சூதல், பின்னர் மார்பழுத்தல் என்ற வரிசையே கற்பிக்கப்பட்டது. 2010இல் அமெரிக்க இருதயச் சங்கம் அவ்வரிசையை மாற்றி, மார்பழுத்தலை முதலில் வைத்தது. முப்பது அழுத்தங்கள், அதன்பின் இரு மூச்சு. மூச்சூதப் பழகாதவர் அழுத்துதலை மாத்திரஞ் செய்தாலும் போதும்.

ஆசிரியர் அறையில் ஒரு நாள்

முற்பகல் 10.40க்கு ஆசிரியர் ஒருவர் நாற்காலியிலிருந்து சரிந்து வீழ்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தோளைத் தட்டி உரக்க அழைக்கிறோம், பதிலில்லை. மார்பு உயர்ந்து தாழ்கிறதா என்று பார்க்கிறோம். இதற்குப் பத்து வினாடிக்கு மேற் செலவிடலாகாது. இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். இருதயம் நின்றபின்னும் சில நிமிடம், இடையிடையே மீன் வாய் திறப்பதுபோல் ஒரு விக்கலோ குறட்டையோ எழும். அது மூச்சன்று, மூளைத் தண்டின் கடைசி முயற்சி. நினைவுமில்லை, இயல்பான மூச்சுமில்லை என்றால் அது இருதய நிறுத்தமே. நாடி பிடித்துப் பார்த்து நேரங் கழிக்க வேண்டாம்.

ஒருவர் 1990 என்ற சுவசெரிய இலக்கத்தை அழைத்து, தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைக்கட்டும். மற்றொருவர் வாயிலில் நின்று அம்புலன்சுக்கு வழிகாட்டட்டும். மூன்றாமவர் உடனே அழுத்தத் தொடங்க வேண்டும். நோயாளி வாங்கிலோ மெத்தையிலோ அன்றி, வெறுந்தரையிற் கிடத்தப்பட வேண்டும். உள்ளங்கையின் அடிப்பகுதியை மார்பின் நடுவே, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் வைத்து, மற்றக் கையை அதன்மேல் வைத்து, முழங்கைகளை மடக்காமல், தோள் நேர் மேலே நிற்க, உடற்பாரத்தால் அழுத்துக. ஆழம் 5 சென்றிமீற்றர். ஏறத்தாழ மூவிரல் அகலம். 6ஐத் தாண்ட வேண்டாம். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. சுவர்க்கடிகாரத்தின் 15 வினாடிக்குள் 25க்கும் 30க்கும் இடைப்பட்ட எண்ணிக்கை வந்தாற் சரி. ஒவ்வொரு முறையும் மார்பு முழுவதும் எழ விடுக. அதன்மேற் சாய்ந்திருந்தால் இருதயத்துக்குள் இரத்தந் திரும்பி நிறையாது.

கண்டி–மாத்தளை வீதியில், அக்குறணை நெரிசலையுந் தாண்டி அம்புலன்ஸ் வர 12 நிமிடம் ஆகுமெனக் கொள்வோம். நிமிடத்துக்கு 110 வீதம் 1,320 அழுத்தங்கள். ஒருவரால் இயலாது. இரண்டு நிமிடத்திலேயே, தாம் அறியாமல், அழுத்தம் ஆழங் குறைந்துவிடும். ஆகவே மூவர் முறைவைத்து, ஆளுக்கு இரண்டு நிமிடமாகச் செய்தால், ஒவ்வொருவரும் இருமுறை உழைத்து, இடையில் நாலு நிமிடம் இளைப்பாறலாம். அழுத்தமின்றிக் கிடந்தால், நிமிடந்தோறும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைகிறது. பன்னிரண்டாம் நிமிடத்தில் எஞ்சுவது மிகச் சிறிது. அழுத்திக்கொண்டிருந்தால் அவ்வீழ்ச்சி மெதுவாகிறது. மார்பழுத்தம் நின்ற இருதயத்தைத் தானே இயக்கிவிடுவது அரிது. மின்னதிர்ச்சிக் கருவி வந்து சேரும் வரை இருதயத்தையும் மூளையையும் உயிரோடு வைத்திருப்பதே அதன் பணி.

விலா எலும்பு முறியுமோ என்ற அச்சம் வேண்டாம். முறிவதுண்டு, அது ஆறும். பெண்ணாசிரியர் வீழ்ந்தால் ஆண்கள் தயங்கி நிற்பதும் உண்டு. சேலையை அகற்ற வேண்டியதில்லை, உடைமேலேயே அழுத்தலாம்.

மூச்சு முந்த வேண்டிய இடம்

இவ்விதிக்கு விலக்கு உண்டு. அதுவும் மேற்சொன்ன காரணத்திலிருந்தே பிறப்பது. பிங்கா ஓயாவில் மூழ்கிய மாணவனை எண்ணிப் பாருங்கள். அவனுடைய இருதயம் திடீரென நின்றதன்று. மூச்சுத் திணறி, இரத்தத்திலிருந்த பிராணவாயு முழுதுஞ் செலவான பின்னரே நின்றது. இங்கே வண்டி மட்டுமன்றிக் களஞ்சியமும் வெறுமையாயிருக்கிறது. ஆகவே பயிற்சி பெற்றோர் நீரில் மூழ்கியவருக்கு முதலில் மூச்சூதியே தொடங்குவர்; ஐரோப்பிய நெறிமுறை ஐந்து மூச்சு என்கிறது. தொண்டை அடைத்தோ, கடுமையான மூச்சிரைப்பாலோ வீழ்ந்த குழந்தைக்கும் மூச்சு இன்றியமையாதது. சிறுவர்க்கு மார்பின் கனத்தில் மூன்றிலொரு பங்கு ஆழம் அழுத்தினாற் போதும். மூச்சூதத் தெரியாதவர் கைகட்டி நிற்றலாகாது. அழுத்துதலையாவது தொடங்க வேண்டும்.

ஆழத்தையும் வேகத்தையும் எழுத்தாற் கற்பிக்க இயலாது. இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்தாரும் சென் ஜோன்ஸ் அம்புலன்ஸ் அமைப்பினரும் பயிற்சிப் பொம்மையில் செய்துகாட்டிக் கற்பிக்கின்றனர். ஒருமுறை அப்பொம்மையில் அழுத்திப் பார்த்தவருக்கே, 5 சென்றிமீற்றர் என்பது தாம் எண்ணியதைவிட எவ்வளவு ஆழமென்பது புலனாகும்.